யார் முதலில் அழுத்தியது?

கேள்வி: எங்கள் பாடசாலை வினாடி வினாவில் இரு அணிகள் ஒன்றாக அழுத்தினால் எப்போதும் முதல் மேசைக்கே விளக்கு எரிகிறது. பஸர் பெட்டி பழுதா?
– வாசகர், நோர்வூட்

பதில்: பெட்டி பழுதில்லை, உள்ளே இருக்கும் நிரலில்தான் கோளாறு இருக்க வேண்டும். ஆர்டுயினோ வைத்துச் செய்த பெட்டிகள் பெரும்பாலும் பொத்தான்களை 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பார்க்கும். பொத்தானின் தகடுகள் துள்ளுவதைச் சமாளிக்க ஒவ்வொரு சுற்றிலும் `delay(50)` போட்டிருப்பார்கள். அந்த 50 மில்லி செக்கனுக்குள் நான்காம் மேசை அழுத்தி, 30 மில்லி செக்கன் கழித்து முதல் மேசை அழுத்தினாலும், நிரல் விழித்ததும் முதல் மேசையைத்தான் முதலில் காணும். பிந்தியவருக்கு வெற்றி! பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்.

ஒரே பொத்தானை இரு மேசைகளின் கம்பிகளோடும் இணைத்துப் பலமுறை அழுத்திப் பாருங்கள். எப்போதும் ஒரே விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

`delay` தேவையே இல்லை. முதல் தொடுகையிலேயே பூட்டி, நடத்துனர் மீளமைக்கும்வரை எதையும் ஏற்காவிட்டால், துள்ளலும் இரட்டை அழுத்தலும் தாமாகவே செல்லாமல் போய்விடும். நான்கு பொத்தான்களையும் ஒரே வாசிப்பில் எடுங்கள். அதிலும் இருவர் வந்தால் குலுக்கல்தான் நியாயம்.

கேள்வி முடியுமுன் அழுத்துவோருக்கு அமெரிக்காவின் ஜெப்பர்டி நிகழ்ச்சியில் கால் செக்கன் பூட்டு விழும். நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் பொத்தானை முன்கூட்டியே அமுக்கிப் பிடித்திருப்பவர், பஸர் திறந்த கணமே வென்றுவிடக் கூடாது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் மட்டுமே கணக்கு.