வாரச் செய்தித் தொகுப்பில் எது முதலில்?

அலங்காநல்லூரையும் சுற்றுப்பட்டி ஊர்களையும் பற்றி வாராவாரம் ஒரு தாள் போடுகிறோம். ஏ4 அளவில் இரண்டு பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை மேசைக்குப் போய்விடும். அதே தாள் பிடிஎப்பாக வாட்ஸப்பிலும் சுற்றும். இப்படியொன்றை உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "செய்தி எங்கே கிடைக்கும்?" என்றுதான். செய்தி மலிந்து கிடக்கிறது. வரிசைதான் கஷ்டம்.

வரிசைப்படுத்த மூன்று வழி உண்டு. திங்கள் முதல் சனி வரை தேதிவாரியாக அடுக்குவது முதல் வழி. தொகுப்பவருக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது, படிப்பவருக்குத்தான் பயனில்லை. திங்கட்கிழமை நடந்தது என்பதற்காகவே ஒரு பாராட்டு விழா தலையில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, ஊர்வாரியாகவோ துறைவாரியாகவோ பிரிப்பது. பாலமேட்டுக்காரர் பாலமேட்டை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கலாம். மாதாந்திரத் தொகுப்புக்கு, அல்லது பத்திருபது பக்கம் போடுகிறவர்களுக்கு, இது பொருந்தும். இரண்டு பக்கத் தாளில் ஊருக்கு ஒரு தலைப்பு கொடுத்தால், சேதியே இல்லாத ஊருக்கும் எதையாவது தேடிப்பிடித்துப் போட வேண்டியிருக்கும். மூன்றாவது, முக்கியத்துவப்படி அடுக்குவது. நாங்கள் வந்து நின்ற இடம் இதுதான். ஆனால் யாருக்கு முக்கியம், எதை வைத்து அளப்பது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்கத்தில் நாங்கள் சத்தத்தை வைத்து அளந்தோம். ஊரே எதைப் பேசுகிறதோ அது மேலே. தை மாதத் தாள் ஒன்றில் வாடிவாசல் படத்தைப் பெரிதாகப் போட்டு, பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் என்ற அறிவிப்பை இரண்டாம் பக்கத்தின் அடியில் தள்ளிவிட்டோம். மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, கரண்டு போற சேதியக் காளை வாலுக்கடியில போட்டா எவன் பாப்பான்?" அவர் சொன்னதில்தான் எங்கள் அளவுகோல் மாறியது.

இப்போது ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்வி கேட்கிறோம். இது எப்போது கைவிட்டுப் போகும்? எத்தனை வீட்டைத் தொடும்? நாங்கள் சொல்லாவிட்டாலும் தானாகத் தெரிந்துவிடுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வரிசையை அதிகம் புரட்டிப் போடுவது அதுதான்.

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்துப் பார்ப்போம். அந்த வாரம் மேசையில் ஐந்து செய்தி. ஒன்று, ஜல்லிக்கட்டுக்கான இணையப் பதிவு திங்கள் மாலை தொடங்குகிறது. இரண்டு, பொங்கல் பரிசுத் தொகுப்பு 9ஆம் தேதி முதல் ரேஷன் கடையில் கிடைக்கும், டோக்கன் கொடுப்பது 3ஆம் தேதியே தொடங்கிவிட்டது. மூன்று, ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியக் கவுன்சிலர்கள் பதவிக்காலம் அன்றோடு முடிந்து, மறுநாள் முதல் தனி அலுவலர்கள் பொறுப்பு. நான்கு, டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூர்ப் பகுதி மக்கள் 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி. ஐந்து, வாடிவாசலில் நடக்கும் ஏற்பாடுகள்.

சத்தத்தை வைத்து அளந்தால் டங்ஸ்டன் முதலில், வாடிவாசல் அடுத்து. தலை எண்ணிக்கையை வைத்தால் பொங்கல் பரிசு முதலில்: அரிசிக் கார்டு இருக்கிற வீடெல்லாம் அதில் அடக்கம். காளைப் பதிவு கடைசிக்குப் போய்விடும், ஏனென்றால் ஊரில் காளை வளர்ப்பவர்களும் பிடிப்பவர்களும் எத்தனை பேர்?

எங்கள் கேள்விகளின்படி காளைப் பதிவுதான் முதலில் வர வேண்டும். பதிவுக்கு இருந்தது ஒரே நாள், திங்கள் மாலை 5 மணியிலிருந்து செவ்வாய் மாலை 5 மணி வரை. விட்டால் வருஷம் முழுக்கத் தீனி போட்டு, நீச்சல் விட்டு, மண்குத்தப் பழக்கிய மாட்டைத் தொழுவத்திலேயே கட்டி வைக்க வேண்டியதுதான். அடுத்த தாள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இரண்டாவது இடத்தைத் தனி அலுவலர் செய்திக்குக் கொடுக்க வேண்டும். இதற்குக் கெடு ஏதும் இல்லை, பரபரப்பும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஒருவர் தலைவர் வீட்டு வாசலில் கையெழுத்துக்காக நிற்பார், அவர் இப்போது தலைவர் இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரியவரும். அலங்காநல்லூருக்குள் இருப்பவர்கள் குழம்பவும் இதில் இடமுண்டு. அலங்காநல்லூர் பேரூராட்சி. அதற்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, அந்த மன்றத்தின் பதவிக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும்தான். 'உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது' என்று மொட்டையாக எழுதினால் பாதிப்பேருக்குத் தப்பான தகவல் போய்ச் சேரும்.

பொங்கல் பரிசு மூன்றாவது. எல்லா வீட்டையும் தொடுகிறது என்றாலும், டோக்கன் கைக்கு வந்தவருக்கு நாம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஆண்டு தொகுப்பில் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக் கரும்பு ஒன்று. ரொக்கம் கிடையாது. வரிசையில் நின்று ஏமாறாமல் இருக்க அந்தக் கடைசி இரண்டு சொல் போதும். டங்ஸ்டன் மாவட்டத்துக்கே பெரிய செய்தி, ஆனால் அதை நாளிதழ்களும் தொலைக்காட்சியும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தன. எங்கள் தாளுக்கு அதில் உரிய பங்கு ஒரு வரிதான்: செவ்வாயன்று மேலூர் சாலை வழியாகப் போகிறவர்கள் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். மேலூரில் ஒருவர் இதே மாதிரித் தாள் போட்டால் அதுதான் அவருக்கு முதல் செய்தி. வரிசை ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும்.

அடுத்தது சுருக்கம். இதிலும் இரண்டு வகை. ஒன்று தூண்டில் வகை: 'காளை வளர்ப்போருக்கு முக்கிய அறிவிப்பு, விவரம் உள்ளே.' மற்றது, அந்த இடத்திலேயே சொல்லி முடிப்பது:

'ஜல்லிக்கட்டுப் பதிவு திங்கள் (ஜன. 6) மாலை 5 மணி முதல் செவ்வாய் மாலை 5 மணி வரை மட்டும். madurai.nic.in தளத்தில் பதிய வேண்டும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் ஒரு காளையோ ஒரு வீரரோ கலந்துகொள்ள முடியும்.'

மூன்று வாக்கியம். எப்போது, எங்கே, எது கூடாது. படித்தவர் வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகத்தின் பத்திரிகைச் செய்தியில் தேதி நாலாவது பத்தியில் ஒளிந்திருக்கும், அதை இழுத்து முதல் வரிக்குக் கொண்டுவருவதுதான் சுருக்குபவரின் பாதி வேலை. சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: தலைப்பை மறைத்துவிட்டு டீக்கடையில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "எப்பன்னு போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்டால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வாரத்தாளால் முடியாததும் உண்டு. செவ்வாயன்று அறிவித்து வியாழனன்று முடியும் சேதி எப்படியும் நழுவும். அதற்கு வாட்ஸப்பில் தனித் தகவல்தான் வழி. அச்சடித்த பிறகு மாறக்கூடிய தேதிக்குப் பக்கத்தில் 'சனி இரவு நிலவரம்' என்று போட்டுவிடுகிறோம்.

கடைசியாக, நகரவே நகராத செய்தி. இங்கேயுள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை சில ஆண்டுகளாக அரவையின்றிக் கிடக்கிறது. திறக்கச் சொல்லிக் கரும்பு விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாராவாரம் போட்டால் கண் பழகிப்போய்த் தாண்டிவிடும், போடாவிட்டால் மறந்துவிட்டோம் என்று ஆகும். மாதத்தின் முதல் தாளில் மட்டும், கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி ஒரே வரி போடுகிறோம். ஏதாவது அசைந்தால் அது முதல் பக்கத்துக்கு வரும்.