கடைசி உயிரைப் பார்: துருக்கி மொழியில் விகுதிகள் சேரும் விதம்

நமக்கு அஃறிணைப் பெயர்களுக்கு 'கள்' என்று ஒரே பன்மை விகுதிதான். துருக்கி மொழியில் அதற்கு 'லர்', 'லெர்' என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. கிதாப் என்றால் புத்தகம். புத்தகங்கள் என்பது கிதாப்லர். கலெம் என்றால் பேனா. பேனாக்கள் என்பது கலெம்லெர். இரண்டும் அரபியிலிருந்து அங்கே போன சொற்கள் என்பது குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன சகோதரிகளுக்கு உடனே விளங்கும். ஒன்றுக்கு 'லர்' என்றும் மற்றதற்கு 'லெர்' என்றும் ஏன் வருகிறது? ஏ1 எனப்படும் ஆரம்ப நிலைப் பரீட்சைக்கு நான் படிக்கத் தொடங்கியபோது எனக்கு எழுந்த முதற் கேள்வி இதுதான். உயர்தரப் பாடங்களுக்கு நடுவில் இதையும் படிப்பதால், விதியைப் பாடமாக்குவதைவிட அதன் காரணத்தைப் பிடித்துக்கொள்வது எனக்கு இலேசாக இருந்தது.

துருக்கியில் எட்டு உயிர்கள். அவற்றைத் தடித்தவை நான்கு, மெல்லியவை நான்கு என்று பிரிக்கிறார்கள். அ, ஒ, உ ஆகியவை தடித்தவை. எ, இ ஆகியவை மெல்லியவை. எ சொல்லும்போதே உதட்டைக் குவித்தால் ஓர் உயிர், இ சொல்லும்போதே உதட்டைக் குவித்தால் இன்னோர் உயிர், இவ்விரண்டும் மெல்லியவையே. ஏழு ஆயிற்று. எட்டாவது உயிரைத் துருக்கி படிக்கும் வெளிநாட்டவர் பலர் மிகக் கடினமானது என்பார்கள். நமக்கோ அது பக்கத்து வீட்டுக்காரர்தான். 'குரு' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு குவியும். 'காடு' என்று சொல்லிப் பாருங்கள், குவியாது. நாம் ஏற்கெனவே இலக்கணத்தில் படித்த குற்றியலுகரம் அது. துருக்கியில் அதற்கு மிக நெருங்கிய ஒலி முழு உயிராகவே நிற்கிறது, சொல்லில் எந்த இடத்திலும் வரும். அது தடித்த உயிர். எழுதும்போது மேலே புள்ளியில்லாத ஐ எழுத்தைப் போடவேண்டும். பழக்கதோஷத்தில் புள்ளி வைத்துவிட்டால் அது வேறு எழுத்து, வேறு உயிர்.

1928 இல் துருக்கியர் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அதற்கு முன் உ, ஒ, உதடு குவித்த இ, எ ஆகிய நான்குக்கும் 'வாவ்' என்ற ஒரே எழுத்துத்தான் நின்றது. அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோருக்கும் இப்படி ஒரு நெருக்கடி இருந்தது. எ, ஒ ஆகியவற்றுக்கு அரபியில் குறியில்லாததால் அவர்கள் புதிய குறிகளைச் செய்துகொண்டார்கள்.

இனி விதிக்கு வருவோம். விகுதி, தனக்கு நேர் முன்னால் நிற்கும் உயிரைப் பார்த்துத் தன் உயிரை மாற்றிக்கொள்கிறது. முன்னால் தடித்த உயிர் என்றால் லர், மெல்லிய உயிர் என்றால் லெர். சொல்லின் முதல் உயிர் எது என்பது கணக்கில்லை. கிதாப் மெல்லிய உயிரில் தொடங்கித் தடித்த உயிரில் முடிகிறது, ஆகவே லர். கலெம் நேர்மாறு, ஆகவே லெர். துருக்கியரின் சொந்தச் சொற்களில் பெரும்பாலும் எல்லா உயிரும் ஒரே கூட்டமாக இருப்பதால் முதல் உயிரைப் பார்த்தாலும் விடை சரியாகவே வந்துவிடும். விதி உண்மையில் விளங்கியதா என்று அரபுச் சொற்கள்தான் காட்டிக் கொடுக்கும்.

விகுதி ஒன்றோடு நிற்பதில்லை. 'எங்கள் புத்தகங்களிலிருந்து' என்பதைத் துருக்கியர் ஒரே சொல்லாகச் சொல்வார்கள்.

```
kitap-lar-ımız-dan
kalem-ler-imiz-den
```

சேர்ந்தே எழுதவேண்டியவைதான், பிரித்துக் காட்டவே இடையில் கோடு போட்டேன். முதலில் பெயர், அடுத்து 'கள்', அடுத்து 'எங்கள்', கடைசியில் 'இலிருந்து'. தமிழிலும் பன்மைக்குப் பிறகே வேற்றுமை உருபு வரும். 'புத்தகத்திலிருந்துகள்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே வித்தியாசம், நாம் 'எங்கள்' என்பதைத் தனிச் சொல்லாக முன்னால் வைக்கிறோம், அவர்கள் பன்மைக்கும் உருபுக்கும் நடுவில் செருகுகிறார்கள்.

இந்த வரிசைதான் உயிர்களையும் தீர்மானிக்கிறது. கிதாப் லரைத் தடிக்க வைக்கிறது, லர் அடுத்து வரும் 'எங்கள்' விகுதியைத் தடிக்க வைக்கிறது, அது 'தன்' என்ற உருபைத் தடிக்க வைக்கிறது. ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போவதைப் போல. ஆகவே விடை எழுதும்போது இடமிருந்து வலமாக ஒவ்வொரு விகுதியாகச் சேர்க்கவேண்டும். இரண்டாவது விகுதியை முடிவு செய்யாமல் மூன்றாவதை எழுத முடியாது. சரிபார்ப்பதற்கு, கடைசி உயிரைத் தவிர முன்னால் உள்ள யாவற்றையும் விரலால் மறைத்துவிட்டு அடுத்த விகுதியைப் பார்ப்பேன்.

உயிரைப் பொறுத்தவரை லர், தன் போன்றவற்றுக்கு இரண்டே வடிவம். ஆனால் 'எங்கள்' விகுதிக்கு நான்கு. அது தடித்ததா மெல்லியதா என்பதோடு, உதடு குவிந்ததா என்றும் பார்க்கிறது. கீழே எங்கள் வீடு, எங்கள் புத்தகம், எங்கள் பாடசாலை, எங்கள் கிராமம்:

```
ev-imiz
kitab-ımız
okul-umuz
köy-ümüz
```

இரண்டாவதில் ப் என்ற ஒலி மென்மையாகி எழுத்தே மாறியிருப்பதைக் கவனியுங்கள். 'கல்' 'கற்கள்' ஆவதைப் போல மெய்யும் புணர்ச்சியில் அசையும். அது தனிப் பாடம்.

ஒரு சொல் என்னை இரண்டு நாள் மடக்கியது. ஸஆத், அதாவது நேரம், மணிக்கூடு. கடைசி உயிர் தடித்தது, ஆகவே லர் வரவேண்டும். ஆனால் துருக்கியர் ஸஆத்லெர் என்கிறார்கள். ஹயாத், அதாவது வாழ்க்கை, அதே ஓசையில்தான் முடிகிறது. அது ஒழுங்காக லர் எடுக்கிறது. ஸஆத்தின் கடைசி மெய்யைத் துருக்கியர் மெல்லியதாக ஒலிப்பதால் விகுதி அதற்கு இணங்கிவிடுகிறது. எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அகராதியில் இப்படிப்பட்ட சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விகுதி அச்சிட்டிருப்பார்கள். ஸஆத்துக்கு அருகே புள்ளி வைத்த ஐ எழுத்தோடு அது நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

வாய்மொழிப் பரீட்சையில் எப்படியும் வரும் கேள்வி, எங்கிருந்து வருகிறாய் என்பது. ஊர்ப் பெயருக்கும் இதே விதிதான். எழுத்தில் மட்டும் பெயருக்கும் உருபுக்கும் நடுவில் மேற்காற்புள்ளி போடவேண்டும். வவுனியா தடித்த உயிரில் முடிவதால் 'தன்'. முல்லைத்தீவு உகரத்தில் முடிவதால் அதுவும் 'தன்'. கிளிநொச்சி இகரத்தில் முடிவதால் 'தென்'. 1990 க்குப் பிறகு பல வருடம் வாப்பா இந்தக் கேள்விக்குப் புத்தளம் என்று பதில் சொன்னவர். புத்தளத்துக்கும் 'தன்' தான். துணுக்காய்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இலத்தீன் எழுத்தில் அது ஐ எழுத்தில் முடிவதால் கண் 'தென்' என்று சொல்லும். பிறமொழிப் பெயர்களுக்கோ எழுத்தைப் பாராமல் உச்சரிப்பைப் பார்க்கவேண்டும் என்பது விதி. நாம் சொல்வது 'காய்'. யகரம் மெய், அதற்கு முன் நிற்பது ஆ.

```
Thunukkai'dan geliyorum.
```

துணுக்காயிலிருந்து வருகிறேன். இதிலே வினைச்சொல்லையும் பாருங்கள். 'கெல்' என்றால் வா. அது மெல்லியது, ஆகவே அடுத்து இகரம் வருகிறது. பிறகு நிகழ்காலத்தைக் காட்டும் 'யொர்'. இது எந்த உயிருக்கும் பணியாத விகுதி, மெல்லிய சொல்லின் பின்னாலும் ஒகரத்தோடு அப்படியே நிற்கும். ஆனால் அதற்குப் பின்னால் வரும் 'நான்' விகுதி, தூரத்தில் இருக்கும் 'கெல்'லைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள ஒகரத்தைப் பார்த்து 'உம்' ஆகிவிடுகிறது.