மூட்டைப் படமும் உள்ளே இருக்கும் அரிசியும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



எங்கள் தெருவில் அரிசி வாங்குபவர்கள் பெரும்பாலும் பெயரைப் படித்து வாங்குவதில்லை. படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். "பறவை போட்ட மூட்டை குடு", "விளக்கு போட்டது இருக்கா" என்றுதான் கடையில் கேட்பார்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு அந்தப் படம்தான் பெயர், விலாசம் எல்லாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதால், மூட்டையைப் படித்துச் சொல்லும் வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது. விடுதியில் இருக்கும் எனக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் செல்போனிலிருந்து மூட்டையின் போட்டோ வரும். "தம்பி, இது நாம எப்பவும் வாங்குறதுதானான்னு பாத்துச் சொல்லு" என்று அம்மா கேட்பார்.

சென்ற ஆண்டு அப்படி இரண்டு போட்டோக்கள் வந்தன. இரண்டு மூட்டையிலும் அதே நிறம், அதே மாதிரிப் பறவை. ஒன்று 1,560 ரூபாய், மற்றொன்று 1,450 ரூபாய். "ரெண்டும் ஒரே சரக்குதான், ஒரே கம்பெனிதான்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 110 ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. அந்த இரண்டு மூட்டைகளையே எடுத்துக்காட்டாக வைத்து, போட்டோவில் எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை முடியாது என்று இக்கட்டுரையில் காண்போம்.

போட்டோவை எப்படி எடுப்பது?

இப்போது வரும் மூட்டைகள் பளபளப்பான பிளாஸ்டிக் படலம் ஒட்டியவை. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெளிச்சம் திருப்பி அடித்து, நமக்கு வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுதான் தெரியும். எனவே மூட்டையை நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். மூன்று படங்கள் தேவை. முதலாவது முன்பக்கம் முழுவதும். இரண்டாவது சிறிய எழுத்துகள் உள்ள பகுதி மட்டும், மிக அருகில். மூன்றாவது மூட்டையின் வாய்த் தையல். பலரும் முதல் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அதில்தான் விஷயம் மிகக் குறைவு. பறவை, விளக்கு போன்ற படங்களை ஒன்றுக்கு மேற்பட்ட மில்காரர்கள் போடுகிறார்கள். பெயருக்கு முன்னால் "நியூ" என்றோ, பின்னால் "கோல்டு" என்றோ ஒரு சொல் சேர்ந்தால் அது வேறு ஆளின் சரக்காகவே இருக்கலாம்.

சிறிய எழுத்தில் என்ன பார்ப்பது?

பேக் செய்தவரின் பெயர், ஊர், நிகர எடை, பேக் செய்த மாதம், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதில் உரிம எண் மிகவும் உதவும். அது 14 இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகத்துக்கு 12. மத்திய உரிமமாக இருந்தால் அந்த இடத்தில் 00 இருக்கும். அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. foscos.fssai.gov.in என்ற தளத்தில் இந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும்.

நமது இரண்டு மூட்டைகளில் முதலாவதன் எண் 124 என்று தொடங்கியது. ஊரும் தமிழ்நாட்டு ஊர்தான். இரண்டாவது மூட்டையிலும் தமிழ்நாட்டு ஊர்தான் அச்சாகியிருந்தது, ஆனால் எண் 112 என்று தொடங்கியது. இதை வைத்தே அது போலி என்று சொல்லிவிடக் கூடாது. ஒருவர் பெயரில் இன்னொருவர் பேக் செய்து கொடுப்பதும் உண்டு. ஆனால் இரண்டு எண்களும் இரண்டு வேறு பெயர்களைக் காட்டின. ஆகவே "ஒரே கம்பெனி" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

தையல் சொல்லும் செய்தி

வாய்த் தையலைப் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். "படத்தப் பாக்காதடா, வாயப் பாரு" என்பார். மில்லில் மெஷின் தையல் ஒரே சீராக, ஒரே நேர்கோட்டில் ஓடும். காலிச் சாக்கை வாங்கி வேறு அரிசியை நிரப்பித் தைத்தால், பழைய ஊசித் துளைகள் புதுத் தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையாகத் தெரியும். கோணூசியால் கையில் தைத்திருந்தால் தையல் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறும். அப்படி இருந்தால் மூட்டையின் மேல் அச்சடித்த எதையும் உள்ளே இருக்கும் அரிசிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. நமது இரண்டு மூட்டைகளும் இந்தச் சோதனையில் தேறிவிட்டன.

"பொன்னி" என்றால் எந்தப் பொன்னி?

இரண்டு மூட்டையிலும் "பொன்னி புழுங்கல்" என்றே போட்டிருந்தது. வெள்ளைப் பொன்னி என்பது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட ஒரு ரகம். ஆனால் கடைத்தெருவில் சன்னமான புழுங்கலரிசி பலவற்றுக்கும் பொன்னி என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். ஆந்திராவில் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204-கூட இந்தப் பெயரில் வருவதுண்டு. எனவே மூட்டைப் பெயரை வியாபாரப் பெயராக மட்டுமே கொள்ள வேண்டும். அரிசி மணி எப்படிப்பட்டது என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

இதற்கு நமது ஆய்வகத்து வெர்னியர் காலிப்பரே போதும். மணியின் நீளத்தை அகலத்தால் வகுக்க வேண்டும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள அரிசியில், இந்த விகிதம் 2.5-க்குக் கீழே என்றால் குட்டைப் பருமன், 2.5 முதல் 3 வரை என்றால் நடுத்தரச் சன்னம். காலிப்பர் இல்லாதவர்கள் மணிகளைக் கறுப்புத் தாளில் பரப்பி, செல்போனைத் தாளுக்கு நேர் மேலே சாய்க்காமல் பிடித்துப் படம் எடுக்கலாம். படத்தைப் பெரிதாக்கி ஸ்கேலால் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வகுத்தால் போதும். நமக்கு வேண்டியது விகிதம் மட்டுமே என்பதால் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை மாறாது.

கடையில் குத்தூசி போட்டு, மூட்டைக்கு மேல், நடு, அடி என மூன்று இடங்களில் அரிசி எடுத்துத் தரச் சொல்லி வாங்கினோம். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. ஏற்றி இறக்கும்போது குலுங்கி, நொய் கீழே இறங்கியிருக்கும். மூன்றையும் கலந்து, முழு மணிகளில் பத்துப் பத்தாக அளந்தேன். முதல் மூட்டையில் நீளம் சராசரி 5.1, அகலம் எல்லா மணியிலும் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர். விகிதம் 2.68. நடுத்தரச் சன்னம்தான். இரண்டாவதில் நீளம் 5.2. அகலமோ ஆறு மணியில் 1.9, நான்கு மணியில் 2.3. சராசரி அகலம் 2.06 என்று எடுத்து வகுத்தால் விகிதம் 2.52 வரும். அதுவும் சன்னம் என்றே காட்டும்! தனித்தனியே பார்த்தால்தான், இரண்டு வகை அரிசி அதில் கலந்திருப்பது தெரிகிறது. பருமனான மணி வேக நேரம் பிடிக்கும். அது வேகும்வரை விட்டால் சன்ன மணி குழைந்துவிடும். ஆகவே இந்தக் கணக்கில் சராசரியை மட்டும் நம்பக் கூடாது.

நொய்யும் விலையும்

அடுத்தது தரம். முழு மணியின் முக்கால் நீளத்துக்கும் குறைந்த துண்டை நொய் என்று கொள்ளலாம். 100 கிராம் எடுத்து அம்மா முறத்தில் கொழித்தும் கையால் பொறுக்கியும் பிரித்துத் தந்தார். முதல் மூட்டையில் 5 கிராம் நொய். இரண்டாவதில் 13 கிராம் நொய், 1 கிராம் உமியும் கல்லும்.

இனி விலைக்கு வருவோம். முதல் மூட்டை 26 கிலோ, இரண்டாவது 25 கிலோ. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே பல மில்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. எனவே மூட்டைக்கு மூட்டை விலையை ஒப்பிடுவது தவறு. கிலோவுக்கு வகுத்தால் முதலாவது 60 ரூபாய், இரண்டாவது 58 ரூபாய். 110 ரூபாய் வித்தியாசம் என்று தோன்றியது உண்மையில் கிலோவுக்கு 2 ரூபாய்தான்.

முழு அரிசிக்கு மட்டும் கணக்குப் போட்டால் இதுவும் தலைகீழாகிறது. முதலாவதில் 60-ஐ 0.95-ஆல் வகுக்க 63 ரூபாய் 16 காசு. இரண்டாவதில் 58-ஐ 0.86-ஆல் வகுக்க 67 ரூபாய் 44 காசு. விலை குறைந்த மூட்டைதான் விலை கூடியது!

இங்கே அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "நொய்ய நான் என்ன குப்பையிலயா போடுறேன்? கஞ்சிக்கு ஆகுமே?" நியாயமான கேள்வி. எங்கள் கடையில் நொய் கிலோ 30 ரூபாய். அந்த மதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முதலாவது 61 ரூபாய் 58 காசு, இரண்டாவது 62 ரூபாய் 91 காசு. வித்தியாசம் 4 ரூபாயிலிருந்து ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. நொய்யைக் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் பயன்படுத்தும் வீட்டுக்கு இரண்டாவது மூட்டை அவ்வளவு பெரிய நஷ்டம் இல்லை. தினமும் சோறு மட்டும் ஆக்கும் விடுதிக்கு அது நஷ்டமே.

போட்டோவும் அளவும் சொல்லாதது

ஒன்று மட்டும் பாக்கி. அரிசி பழசா, புதுசா என்பது. மூட்டையில் உள்ள மாதம் பேக் செய்த மாதமே தவிர, நெல் அறுத்த மாதம் அல்ல. பழைய அரிசி அதிகத் தண்ணீர் இழுக்கும், சோறு பொலபொலவென்று நிறையக் காணும். புது அரிசி சீக்கிரம் குழையும். இரண்டிலும் ஒரு டம்ளர் எடுத்து, ஒரே அளவு தண்ணீரில் ஒரே நேரம் வேகவைத்துப் பார்ப்பதே வழி. முதல் மூட்டைச் சோறு உதிரியாக நின்றது. இரண்டாவதில் பாதி குழைந்து, நடுவே சில மணி விறைத்துக் கிடந்தது. அது பழசு-புதுசு வித்தியாசமா, இரண்டு வகை கலந்ததாலா என்று இந்தச் சோதனை மட்டும் பிரித்துச் சொல்லாது.

அம்மா 26 கிலோ மூட்டையையே எடுத்தார். அடுத்த முறை கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றபோது, "இதுல ஒண்ணு ஒண்ணு இருபத்திநாலுன்னு ஆரம்பிக்கணும், காட்டுங்க" என்று கேட்டாராம். எண்களைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்குத் தெரியும். பஸ் நம்பர் பார்த்தே பழகியவர். இப்போது தெருவில் நான்கைந்து வீட்டில் அந்த மூன்று எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள்.