ஆண்டுவிழா உரையிற் கல்விச் சொற்கள்

யான் முன்னர்ப் படித்த உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர், ஆண்டுவிழாவில் தாம் நிகழ்த்தவிருந்த உரையை எழுதிமுடித்து, "தம்பி, நீ தமிழைச் சிறப்புப்பாடமாக எடுத்தவனாயிற்றே, பிழையிருந்தால் திருத்திக்கொடு" என்று என்னிடம் தந்தார்கள். சந்திப்பிழைகளை எதிர்பார்த்தே ஏட்டைப் பிரித்தேன். அவை இரண்டொன்றே இருந்தன. என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு பகுதி. அது வருமாறு:

"நம் பள்ளியில் இவ்வாண்டு 400 மாணவர் கல்வி பயில்கின்றனர். ஆசிரியர்கள் அவர்களுக்குச் சிறந்த போதனை அளித்து வருகின்றனர். மாணவரிடத்துக் கேள்விச் செல்வமும் வித்தையும் வளர்ந்துள்ளன. இவர்களிற் பலர் கல்லாத பெற்றோரின் மக்கள்."

ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாற் கேட்போர்க்குச் சலிப்புத் தோன்றுமென்று கருதி, ஒருபொருட் பன்மொழியாக இவற்றை மாற்றி மாற்றி வைத்ததாக அவர்கள் கூறினார்கள். இவை உண்மையில் ஒருபொருட் சொற்களோ என்பதே என் ஐயம்.

முதலிற் 'கல்வி'யைப் பார்ப்போம். கேள் என்பதிலிருந்து கேள்வியும், வேள் என்பதிலிருந்து வேள்வியும் பிறந்தாற்போலக் கல் என்னும் வினையிலிருந்து 'வி' விகுதி பெற்றுக் கல்வி பிறந்தது. பிறப்பால் இது தொழிற்பெயரே. ஆயினும் வழக்கில் தொழிலைக் குறிப்பதை விட்டு, தொழிலால் வந்த உடைமையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆதலாற் கல்வி பெறலாம், கல்வியிற் சிறக்கலாம். நிகழுந் தொழிலைச் சொல்லவேண்டின் 'கற்றல்' என்கிறோம். இக்காலத்தில் 'கல்வி' அரசினர் செய்யும் ஏற்பாட்டையும் தழுவிக்கொண்டது. கல்வித்துறை, கல்வியாண்டு என்பவற்றைக் காண்க. 'படிப்பு' வேறு. அதற்கு அளவுண்டு, செலவுண்டு, நிறுத்தமும் உண்டு. "எதுவரை படித்தான்?" என்று கேட்கிறோம், "எதுவரை கற்றான்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. 'பயிலுதல்' பலகாற் செய்து பழகுதல். நீந்தப் பயிலலாம்; வீணை பயிலலாம். பள்ளியில் எண்ணிக்கையாகச் சொல்லப்படும் 400 பேரும் செய்வது படித்தல். அவருள் எத்தனைபேர் கற்றனர் என்பது பள்ளிப்பதிவேட்டில் வரும் கணக்கன்று.

இனி, 'போதனை'. இது வடசொல், அறிவுறுத்தல் என்பது பொருள். முன்னர்ப் 'போதனாமொழி' என்று வழங்கியதையே இன்று தமிழ்நாட்டிற் 'பயிற்றுமொழி' என்கின்றனர். கிறிஸ்தவராகிய நமக்கோ போதகர் என்றாற் சபையை நடத்துபவர். எனவே போதனை என்றவுடன் காதில் விழுவது பிரசங்கமே. கணக்காசிரியர் பிரசங்கம் செய்கிறார் என்று பெற்றோர் எண்ணலாகாதே!

அவ்விடத்தில் 'கற்பித்தல்' என்று எழுதிவிடலாமே என்றார்கள் தலைமையாசிரியர். நல்ல சொல்தான், ஆனால் அது பெரும் பொறுப்பைச் சுமக்குஞ் சொல். கல் என்பதன் பிறவினை கற்பி. உண்பித்தல் என்றால் உண்ணச்செய்தல். கற்பித்தல் என்றாற் கற்கச்செய்தல். "ஆசிரியர் போதித்தார், மாணவர் கற்கவில்லை" என்பது பொருந்தும். "ஆசிரியர் கற்பித்தார், மாணவர் கற்கவில்லை" என்பதோ, "உண்பித்தேன், குழந்தை உண்ணவில்லை" என்பதுபோற் சொல்லளவில் இடிக்கின்றது. பேச்சுவழக்கில் இக்கண்டிப்பு நெகிழ்ந்துவிட்டது உண்மையே. ஆயினும் தேர்வில் தவறியவர் தொகையை அடுத்த பக்கத்திலேயே சொல்லப்போகும் உரையில் இச்சொல்லை வைப்பதில் எனக்குத் துணிவில்லை. நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் தொழிலைப் பாடஞ்சொல்லல் என்றும், மாணாக்கர் தொழிலைப் பாடங்கேட்டல் என்றும் உரைகாரர் பிரித்துக்காட்டுவர். பாடஞ்சொல்லல் என்பது ஆசிரியர் செய்ததை மட்டுமே சொல்லும்; பயனைப் பற்றி வாக்களிக்காது.

அப் 'பாடங்கேட்டல்' நம்மைக் 'கேள்வி'க்குக் கொண்டுவருகிறது. ஏடு அரிதாயிருந்த காலத்திற் கற்றலின் பெரும்பகுதி செவிவழியே நிகழ்ந்தது. உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றதைப் பாடங்கேட்டல் என்றே குறிப்பர். திருக்குறளிற் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் அதிகாரங்கள் 40, 41, 42 என அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே கேள்வி என்பது கேட்டறிதல். இன்றைய மாணவனுக்கோ கேள்வி என்றால் வினா, அதனினும் வினாத்தாள். "கேள்விச் செல்வம் வளர்ந்துள்ளது" என்று மேடையிற் சொன்னால், வினாத்தாள் நீண்டுவிட்டதெனப் பின்வரிசையிற் சிரிப்பெழும். நூல்வழக்கிற் சரியான சொல்லும் செவிக்குத் தவறாகலாம்.

'வித்தை'யின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வித்துவான் என்பதிலும் வித்தியாலயம் என்பதிலும் அதன் உறவினர்க்குப் பெருமை குறையவில்லை. அதுமட்டும் தெருவிலிறங்கி, பாம்பாட்டியோடும் கழைக்கூத்தரோடும் சேர்ந்துகொண்டது. மாணவரிடம் வித்தை வளர்ந்ததென்று பெற்றோரிடம் சொல்வது நன்றன்று.

இவையெல்லாம் சிறு பிழைகள். கடைசி வாக்கியமே என்னை மிகவும் உறுத்திற்று. 'கல்லாத பெற்றோர்' என்பதில் இலக்கணக்குற்றம் யாதுமில்லை. ஆனால் 'கல்லாதவர்' என்பது வெறும் செய்தி கூறுஞ் சொல்லன்று. கல்லாமை அதிகாரத்தின் கடுமையெல்லாம் அதனோடு தொடர்ந்து வரும். மனிதனைக் குறைத்தெடைபோடுஞ் சொல் அது. 'தற்குறி' என்பதைப் பாருங்கள். கையெழுத்திடத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்கு அது பெயர். பின்னர் அடையாளமிட்டவர்க்கே பெயராகி, இன்று வசைமொழியாய் நிற்கிறது. 'எழுத்தறியாதவர்' என்பது ஒரு குறைபாட்டை மட்டும் அளந்து சொல்லும். எனினும் விழாவுக்கு அழைத்தவரை எதிரில் அமர்த்தி அதையும் சொல்லவேண்டுமோ? என் பாட்டியார்க்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் ஞாயிறுதோறும் கேட்டே மனனமான கீர்த்தனைகளை அவர் அடிபிறழாது பாடுவார். அவர் படிக்காதவர், கேளாதவர் அல்லர். கேள்வி அதிகாரத்திலும், கற்காதவனாயினும் கேட்கட்டும் என்னும் கருத்து உண்டு. பள்ளிக்குச் செல்லாதவர்க்கும் அறிவின் வாயிலொன்றைத் திறந்துவைத்த சொல், நாம் இன்று வினாத்தாளுக்கு விட்டுக்கொடுத்த அதே கேள்விதான்.

ஆகவே அப்பகுதியை இவ்வாறு திருத்தினேன்: "நம் பள்ளியில் இவ்வாண்டு 400 மாணவர் படிக்கின்றனர். ஆசிரியர்கள் தளராது பாடஞ்சொல்லி வருகின்றனர். எழுத்திலும் கணக்கிலும் மாணவர்க்குப் பயிற்சி மிகுந்துள்ளது. பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு மனத்திற் கொள்ளும் பழக்கமும் வளர்ந்துள்ளது. இவர்களிற் பலருடைய பெற்றோர்க்குப் பள்ளி செல்லும் வாய்ப்பு அமையவில்லை."

உரையின் இறுதியில் இன்னொன்றும் இருந்தது: 'கல்' என்றால் தோண்டு, ஆதலாற் கல்வியாவது தோண்டுதல் என்று. பலரும் விரும்பிச் சொல்லும் விளக்கம் இது. ஆனால் தோண்டுதற்பொருளில் வருவது 'கல்லு'. அது கல்லினான் என நடக்கும். கற்றலோ கற்றான் என நடக்கும். நடை வேறுபடுவதுகொண்டே வேர் வேறென்று முடிவுகட்டலாகாது. ஒன்றென்று மேடையில் உறுதிகூறவும் இடமில்லை. மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய குறள் இச்சொல்லாராய்ச்சியின் துணையின்றியே நிற்கும். இவ்வாறு ஓரத்திற் குறித்தேன்.

தலைமையாசிரியர் திருத்தங்களைப் படித்துப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். கேள்விச் செல்வத்தை மட்டும் விட மனமில்லை. "சிரித்தாற் சிரிக்கட்டும், தம்பி, சிரிப்பு அடங்கியதும் பொருளைச் சொல்லிவிடுகிறேன்" என்று, நான் அடித்த இடத்தில் அச்சொல்லை மீண்டும் தம் கையால் எழுதி, பக்கத்தில் விளக்கத்துக்காக இரண்டு வரி இடம்விட்டார்கள்.