காலில் உறைந்த ரத்தம் எங்கே அடைக்கும்?

மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்விப் பாடமாகச் செவிலியம் படிக்கும் மாணவியருக்கு இதயப் பாடத்தைத் தமிழில் சுருக்கிச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விடுகிறேன். நாளை வார்டில் அவர்கள் கேட்கப்போவது அந்தப் பெயர்களைத்தான்.

"ஆர்ட்டரியில் நல்ல ரத்தம், வெயினில் கெட்ட ரத்தம்" என்று மனப்பாடம் செய்து வருகிறார்கள். கெட்ட ரத்தம் ஓடும் பல்மனரி ஆர்ட்டரியைப் பார்த்ததும் குழம்புகிறார்கள். ஆகவே திசையைச் சொல்லித் தருகிறேன்: இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது ஆர்ட்டரி, இதயத்துக்குக் கொண்டுவருவது வெயின்.

பிறகு ஒரு கேள்வி. படுத்த படுக்கையாக இருப்பவரின் கால் வெயினில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கழன்று ஓடினால் எங்கே அடைக்கும்?

"மூளையில் சார்" என்றாள் ஒரு மாணவி. கரும்பலகைப் படத்தில் விரல் வைத்து வழியைக் காட்டச் சொன்னேன். விரல் லெஃப்ட் ஏட்ரியத்துக்குப் போனது. படத்தின் வலப்பக்கத்தை ரைட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். படம் நம்மைப் பார்த்து நிற்கும் நோயாளி. அவருடைய வலம் நமக்கு இடப்பக்கம் என்றேன்.

மீண்டும் தொடங்கினாள். இன்ஃபீரியர் வீனா கேவா, ரைட் ஏட்ரியம், ட்ரைகஸ்பிட் வால்வு, ரைட் வென்ட்ரிக்கிள், பல்மனரி ஆர்ட்டரி. அதுவரை அகலமான பாதை. நுரையீரலுக்குள் அது கிளைகிளையாகக் குறுகுகிறது. விரல் அங்கே நின்றது. "நுரையீரல்தான் சார். அதனால்தான் திடீரென்று மூச்சுத் திணறுமா?"

மூளைக்குப் போக, கட்டி பொதுவாக இடப்பக்கத்திலிருந்து அயோர்ட்டா வழியே கிளம்ப வேண்டும். இரு ஏட்ரியங்களுக்கு நடுவே துளை உள்ளவர்களுக்குக் கால் கட்டியும் அந்தப் பக்கம் தாண்டலாம்.

இப்போது தேர்வில் நான் படம் வரையச் சொல்வதில்லை; கட்டி போகும் வழியை எழுதச் சொல்கிறேன்.