நின்ற வண்டியில் 27 ஆம்பியர்

கேள்வி: பழைய சைக்கிள் ஒன்றை மின்சார சைக்கிளாக மாற்றியிருக்கிறேன். 13 லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரி. ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க, 2 மில்லிஓம் ஷன்ட் ஒன்றை முதலில் நெகட்டிவ் வயரில் வைத்தேன். அளவு குறைவாகவே காட்டியது. அதனால் பாசிட்டிவ் வயருக்கு மாற்றினேன். ஷன்ட்டின் இரு முனைகளிலிருந்தும் 100 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியே மின்னழுத்தத்தைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்து, 16 பிட் ஏடிசிக்குக் கொடுத்தேன். ரெசிஸ்டர்கள் எல்லாம் 0.1 சதவீதத் துல்லியம் உள்ளவை. பேட்டரி 54 வோல்ட்டில் இருந்தபோது, சக்கரம் சுற்றாமலே 27 ஆம்பியர் காட்டியது. புரோகிராமில் அந்த 27ஐக் கழித்துவிட்டேன். மாலையில் பேட்டரி 46 வோல்ட்டுக்கு இறங்கியபின், வண்டி நிற்கும்போது மைனஸ் 4 ஆம்பியர் காட்டுகிறது. ஷன்ட் கெட்டுவிட்டதா?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஷன்ட் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே என்பதை வாசகர் குறித்து அனுப்பிய எண்களே காட்டிக்கொடுக்கின்றன. 54 வோல்ட்டில் 27 ஆம்பியர் பிழை. பேட்டரி 8 வோல்ட் இறங்கியதும் பிழை 4 ஆம்பியர் மாறியிருக்கிறது. இரண்டு கணக்கிலும் ஒரு வோல்ட்டுக்கு அரை ஆம்பியர் வருகிறது. வண்டி நிற்கையில் திரையில் தெரிவது மின்னோட்டமே இல்லை. பேட்டரியின் மின்னழுத்தம்தான் ஆம்பியர் வேடத்தில் வந்து நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஷன்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஷன்ட் என்பது மதிப்பு துல்லியமாகத் தெரிந்த, மிகச் சிறிய மின்தடை. அதன் வழியே மின்னோட்டம் போகும்போது இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். V = I × R என்ற ஓம் விதி போதும்: 2 மில்லிஓம் ஷன்ட்டில் 25 ஆம்பியர் போனால் 50 மில்லிவோல்ட். அந்த 50 மில்லிவோல்ட்டை அளந்தால் ஆம்பியர் தெரிந்துவிடும்.

ஷன்ட்டின் மதிப்பை வாசகர் சரியாகவே தேர்ந்திருக்கிறார். 25 ஆம்பியரில் அது 1.25 வாட் வெப்பத்தை வெளியிடும். அதற்கென்று செய்த ஷன்ட் அதை எளிதில் தாங்கும். கடைகளில் கிடைக்கும் பல சிறிய மின்னோட்ட மாடியூல்களில் இருக்கும் 0.1 ஓம் ஷன்ட்டை இங்கே போட்டிருந்தால் 62 வாட்டுக்கு மேல் வெப்பம் எழுந்து கருகியிருக்கும். மறுபுறம், மதிப்பை இன்னும் இருபது மடங்கு குறைத்தால் முழு ஓட்டத்துக்கும் கிடைப்பது 2.5 மில்லிவோல்ட் மட்டுமே. ஆம்ப்ளிஃபையர்களுக்கு, உள்ளீடு பூஜ்யமாக இருக்கும்போதும் தாமாகக் காட்டும் ஒரு சிறு பிழை உண்டு, ஆஃப்செட் என்பார்கள். மலிவான LM358 போன்ற ஒன்றில் அது சில மில்லிவோல்ட் வரை போகும். 2.5 மில்லிவோல்ட் சிக்னல் அதற்குள்ளேயே மூழ்கிவிடும். வெப்பத்துக்கும் ஆஃப்செட்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான் ஷன்ட் தேர்வு.

அடுத்தது, ஷன்ட்டை எந்த வயரில் வைப்பது என்ற கேள்வி. நெகட்டிவ் வயரில் வைத்தால் அளப்பது சுலபம். ஷன்ட்டின் ஒரு முனை பூஜ்ய வோல்ட்டிலேயே இருக்கும், மறுமுனை அதைவிட 50 மில்லிவோல்ட் உயரும். எளிய ஆம்ப்ளிஃபையரே அதைப் பெருக்கித் தந்துவிடும். ஆனால் மின்னோட்டம் அந்த ஒரு வயர் வழியாக மட்டுமே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். விளக்கு, ஹாரன், கன்ட்ரோலரின் உலோக உறை என்று ஏதாவது ஒன்று சைக்கிளின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, சட்டமும் எங்கோ பேட்டரியின் நெகட்டிவைத் தொட்டுவிட்டால், ஒரு பங்கு மின்னோட்டம் ஷன்ட்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும். வாசகருக்கு முதலில் அளவு குறைந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதைவிட மோசமான நிலையும் உண்டு: பாசிட்டிவ் வயரின் உறை தேய்ந்து சட்டத்தில் ஷார்ட் ஆனால், அந்தப் பேரோட்டம் ஷன்ட் வழியே வராமலே போகலாம். பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் அமைதியாக இருக்கும். அந்த வகையில், பாசிட்டிவ் பக்கத்துக்கு மாறியது நல்ல முடிவு. பேட்டரியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு ஆம்பியரும் அங்கே ஷன்ட்டைக் கடந்தே தீர வேண்டும்.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. இப்போது ஷன்ட்டின் ஒரு முனை 54 வோல்ட்டில் இருக்கிறது, மறுமுனை 53.95 வோல்ட்டில். வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 50 மில்லிவோல்ட் மட்டும். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் அந்த 54 வோல்ட், அதாவது காமன் மோட் மின்னழுத்தம், முழுவதுமாக ஒதுக்கப்பட வேண்டும். சிக்னலைப்போல அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரியது.

பத்து டன் லாரியை ஓர் எடைமேடையில் நிறுத்தி, பிறகு பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றி, இன்னொரு ஊரின் எடைமேடையில் நிறுத்தி, இரண்டு சீட்டையும் கழித்து மூட்டையின் எடையைச் சொல்ல முயல்வதைப் போன்றது இது. இரண்டு மேடைகளும் தமக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு முரண்பட்டாலே பத்துக் கிலோ பிழை வந்துவிடும்.

வாசகரின் இரண்டு ஜோடி ரெசிஸ்டர்கள்தான் அந்த இரண்டு எடைமேடைகள். ஒரு ஜோடி பதினொன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்றால், மற்றது அதைவிட 0.1 சதவீதம் மாறிக் குறைக்கிறது. 54 வோல்ட்டில் 0.1 சதவீதம் 54 மில்லிவோல்ட். அதை 2 மில்லிஓமால் வகுத்தால் 27 ஆம்பியர்! வாசகர் திரையில் கண்ட அதே எண். 0.1 சதவீத ரெசிஸ்டர்கள் தம் வரம்புக்குள்தான் இருக்கின்றன. நான்கும் மோசமான திசையில் விலகினால் முரண்பாடு இன்னும் மூன்று மடங்குக்கு மேல்கூடப் போயிருக்கலாம். ஏடிசி மீதும் பழி இல்லை. பிழை அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது.

பேட்டரி மின்னழுத்தத்தையும் அளந்து, வோல்ட்டுக்கு அரை ஆம்பியர் வீதம் புரோகிராமிலேயே கழித்துவிடலாமே என்று தோன்றும். ஒரு நாள் அது வேலை செய்யும். ஆனால் வெயிலில் பெட்டி சூடேறும்போது ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறும். இரண்டு ஜோடிகளின் விகிதமும் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு விலகினாலே போதும். 20 டிகிரி சூட்டில் அது 0.05 சதவீதமாகி, 13 ஆம்பியருக்கு மேல் பொய்க் கணக்கைத் தரும். ஆப்-ஆம்ப் ஒன்றையும் தனித்தனி ரெசிஸ்டர்கள் நான்கையும் வைத்து வித்தியாசத்தை எடுக்கும் பாடப்புத்தகச் சர்க்யூட்டுக்கும் இதே நோய் உண்டு.

கரன்ட் சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் என்ற தனி இனம் உருவானது இந்த நோய்க்காகத்தான். அதன் வழிகளில் எளிதில் புரியும் ஒன்று INA169 என்ற சிப்பில் இருக்கிறது. அதற்குள் ஷன்ட்டின் முனைக்கு அருகே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒரு டிரான்சிஸ்டரைத் தேவையான அளவு திறந்து, ஷன்ட்டில் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறதோ அத்தனையே அந்த ரெசிஸ்டரிலும் விழும்படி பார்த்துக்கொள்கிறது. 50 மில்லிவோல்ட் என்றால் 50 மைக்ரோஆம்பியர். அந்தச் சிறு ஓட்டம் டிரான்சிஸ்டர் வழியே கீழே இறங்கி, வெளியே நாம் கிரவுண்டோடு இணைத்த 50 கிலோஓம் ரெசிஸ்டரில் 2.5 வோல்ட்டாக மாறுகிறது. உயரத்தில் இருக்கும் மின்னழுத்த வித்தியாசம் முதலில் மின்னோட்டமாகிறது. கீழே வந்தபின் மறுபடி மின்னழுத்தமாகிறது. மேலே 54 வோல்ட் இருந்தாலும் 46 இருந்தாலும் அந்த 50 மைக்ரோஆம்பியர் அப்படியே இருக்கும். மிக அழகான யோசனை இது.

ஆனால் இந்த சைக்கிளுக்கு INA169 முழுப் பொருத்தம் இல்லை. அது தாங்குவது 60 வோல்ட். முழு சார்ஜில் பேட்டரியே 54.6ஐத் தொடும். மோட்டார் வயர்களிலிருந்து வரும் துள்ளல்களுக்கு மிச்சம் குறைவு. ஒரு திசை ஓட்டத்தை மட்டுமே அது அளக்கும் என்பதால், பிரேக் போடும்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டமும் தெரியாது. பலரும் கைவசம் வைத்திருக்கும் INA219ஐ இங்கே தொடவே கூடாது. அதன் எல்லை 26 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் போட்டால் போய்விடும்.

பொருத்தமானது INA240 போன்ற ஒன்று. மைனஸ் 4 முதல் 80 வோல்ட் வரை தாங்கும், ஆஃப்செட் 25 மைக்ரோவோல்ட்டுக்குள். காமன் மோட் மின்னழுத்தத்தை ஒதுக்கும் திறன் குறைந்தது 120 டெசிபெல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பேட்டரி 8 வோல்ட் இறங்கினால் உள்ளே கசியும் பிழை 8 மைக்ரோவோல்ட், ஆம்பியரில் 0.004. வாசகர் பார்த்த 4 ஆம்பியர் பிழை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 20 மடங்கு பெருக்கும் வகையை எடுத்து, 5 வோல்ட் கொடுத்து, பூஜ்யப் புள்ளியை நடுவே 2.5 வோல்ட்டில் வைத்தால், 25 ஆம்பியர் வெளியே போகும்போது 3.5 வோல்ட்டும், அதே அளவு திரும்ப வரும்போது 1.5 வோல்ட்டும் கிடைக்கும்.

ஷன்ட்டை கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவே வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. அங்கே பொது மின்னழுத்தம் நொடிக்குப் பல ஆயிரம் முறை பூஜ்யத்துக்கும் 54க்கும் இடையே தாவும். சாதாரண சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொரு தாவலிலும் ஒரு போலிக் கூர்முனையை வெளியிடும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். INA240 இந்தத் தாவல்களை அடக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. பேட்டரி வயரில் ஷன்ட் வைத்திருக்கும் வாசகருக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

அளக்கும் வயர்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2 மில்லிஓமில் எல்லாமே கணக்கில் வரும். சாதாரண சர்க்யூட் போர்டில் நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத் தாமிரத் தடமே சுமார் அரை மில்லிஓம். அந்த ஒரு சதுரம் அளவுக்குள் சேர்ந்துவிட்டால் 25 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதோடு தாமிரத்தின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். சூட்டில் மாறாமல் இருக்கத்தான் நல்ல ஷன்ட்களை மாங்கனின் போன்ற கலவையில் செய்கிறார்கள். அதனால் கனத்த வயர்கள் தனியாகவும், அளக்கும் மெல்லிய வயர்கள் இரண்டும் ஷன்ட்டின் உடலையொட்டித் தனியாகவும் இணைய வேண்டும். கெல்வின் இணைப்பு என்பது இதுதான்.

புதிய சர்க்யூட்டைச் சோதிக்க, முதலில் சிப்பின் இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அனுசரிக்கக்கூடிய பவர் சப்ளையின் பாசிட்டிவில் இணைத்து, நெகட்டிவை கிரவுண்டில் கொடுத்து, 40லிருந்து 55 வோல்ட் வரை ஏற்றிப் பார்க்கலாம். வெளியீடு 2.5 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும், 40லிருந்து 55க்கு ஏற்றும்போது இருந்த இடத்திலிருந்து 0.3 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் பொது மின்னழுத்தம் இன்னும் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். அது தேறியபின் ஷன்ட்டில் உண்மையான ஓட்டத்தை விட்டு, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஒப்பிட வேண்டும். பூஜ்யம் சரியாக இருந்து, எல்லா ஓட்டத்திலும் ஒரே விகிதத்தில் அதிகம் காட்டினால், அளக்கும் வயர்கள் தவறான இடத்தில் கிளம்புகின்றன. ஒரே ஓட்டத்தில் பத்து நிமிடம் விட்டபின் அளவு மெல்ல ஏறினால், ஷன்ட்டோடு எங்கோ தாமிரமோ சால்டரோ சேர்ந்து அளக்கப்படுகிறது.