கடைசிப் பிள்ளையும் விடுதிக்குப் போன பிறகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சாணக்யபுரியிலும் அதை ஒட்டிய மோதிபாக், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பெட்டி கட்டும் காலம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கடைசிப் பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ கல்லூரி விடுதிக்குக் கிளம்பும். சொந்த ஊராக இருந்தால் அத்தை, சித்தப்பா என்று யாராவது வந்துபோவார்கள். டில்லி குவார்ட்டர்ஸில் மறுநாள் காலை மிஞ்சுவது இரண்டே பேர். ஐம்பதை ஒட்டிய வயதுள்ள அந்த இருவரைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் சில வீணாகப் பயமுறுத்துகின்றன; சில பொய்யான தைரியம் தருகின்றன. இரண்டாவது வகைதான் அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

"பிள்ளைகள் போய்விட்டால் தாம்பத்தியமும் வறண்டுவிடும்"

கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1958, 1960 ஆண்டுகளில் படிப்பை முடித்த பெண்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். அந்தத் தரவுகளில் நடுவயதைச் சேர்ந்த 18 ஆண்டுகளை எடுத்து ஆராய்ந்து, சாரா கோர்சாஃப், ஆலிவர் ஜான், ரவென்னா ஹெல்சன் ஆகியோர் 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாற்பதுகளிலிருந்து அறுபதை நோக்கிப் போகப் போக அந்தப் பெண்களின் மணவாழ்க்கைத் திருப்தி சராசரியாகக் கூடியிருந்தது. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

ஏன் என்று அவர்கள் தேடியதில்தான் நமக்குப் பயன்படும் செய்தி இருக்கிறது. பிள்ளைகள் போனதால் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் நேரம் கூடியிருக்கும், அதனால் திருப்தி கூடியிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். அப்படி இல்லை. திருப்தியைக் கூட்டியது நேரத்தின் அளவல்ல. சேர்ந்திருந்த நேரம் முன்பைவிட இனிமையாக இருந்ததுதான். பாதிப் பேச்சில் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று குரல் வராத அரைமணி நேரத்துக்கு வேறொரு தன்மை உண்டு. இது படித்த அமெரிக்கப் பெண்களிடம் கண்டது, அதுவும் சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. நம் வீடுகளில் பிள்ளை போன அறைக்கு ஊரிலிருந்து மாமியாரோ அப்பாவோ வந்து சேர்வதும் உண்டு. அப்போது கணக்கு மாறும்.

"பிள்ளைகளுக்காகத்தான் சேர்ந்திருந்தார்கள், இனிப் பிரிந்துவிடுவார்கள்"

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் விவாகரத்து விகிதம் 1990க்கும் 2010க்கும் இடையில் இரட்டிப்பானது. அதைக் கண்டறிந்த ஐ-ஃபென் லின், சூசன் பிரவுன் குழுவினரே 2018ல் காரணங்களையும் ஆராய்ந்தார்கள். கடைசிப் பிள்ளை வெளியேறியதற்கும் விவாகரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பணி ஓய்வுக்கும் தெரியவில்லை. திருமணம் எத்தனை காலம் நீடித்தது, அதன் தரம் எப்படி இருந்தது, கையில் வசதி எவ்வளவு என்பவையே தீர்மானித்தன. அதாவது, பிள்ளை போவது நல்ல மணவாழ்க்கையை உடைப்பதில்லை. முன்பே விரிசல் விட்டிருந்தால் அது இப்போது கண்ணில் படலாம், அவ்வளவுதான்.

"இருபத்தைந்து வருஷம் ஆச்சு. அவர் மனசு எனக்குத் தெரியாதா?"

நான் அதிகம் கவலைப்படுவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். கேட்க இதமாக இருப்பதால் யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

உளவியலாளர் பெஞ்சமின் ஷைபஹென்னும் சகாக்களும் சோதித்தார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுகள் சேர்ந்திருந்த இளம் ஜோடிகள் ஒருபுறம், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மூத்த ஜோடிகள் மறுபுறம். உணவு வகைகள், திரைப்படங்கள், சமையலறை வடிவமைப்புகள் என்று பலவற்றைக் காட்டி, உங்களுக்கு எது எவ்வளவு பிடிக்கும், உங்கள் துணைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தனித்தனியே கேட்டார்கள். துணையின் விருப்பத்தைச் சரியாகச் சொன்னதில் இளம் ஜோடிகளே முந்தினார்கள். 2011ல் வெளியான இந்த முடிவுக்கு ஆய்வாளர்கள் சொன்ன சாத்தியமான காரணம் எளிது: ஆரம்ப வருடங்களில் ஒருவரை ஒருவர் உன்னிப்பாகக் கவனிக்கிறோம், பிறகு தெரிந்துவிட்டது என்று கவனிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். ஆளோ மாறிக்கொண்டே இருக்கிறார்.

அதே 2011ல் கென்னத் சவிட்ஸ்கி, நிக்கலஸ் எப்லி முதலியோர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். தம்பதிகளையும் அவர்களுக்கு அறிமுகமில்லாதவர்களையும் முதுகு காட்டி உட்காரவைத்து, அன்றாடம் பேசும் இரட்டைப் பொருள் வாக்கியங்களைச் சொல்லவைத்தார்கள். சொன்னவரின் உட்பொருளை வாழ்க்கைத் துணை புரிந்துகொண்டதும் அந்நியர் புரிந்துகொண்டதும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் தன் துணை நிச்சயம் புரிந்துகொள்வார் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். "மணி ஒன்பதாச்சு" என்று மனைவி சொன்னால் சாப்பிட வாங்க என்பதா, பிள்ளைக்கு இன்னும் போன் பண்ணலையே என்பதா, டிவியை அணையுங்கள் என்பதா? பிள்ளை வீட்டில் இருந்தவரை அதுவே நடுவில் நின்று, "அப்பா, அம்மா கூப்பிடறாங்க" என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தது. இனி அந்த வசதி இல்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். மோதிபாக் குவார்ட்டர்ஸில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 54, மத்திய அரசுப் பணி. ஓய்வு 60ல். இருவருக்கும் தஞ்சாவூர்ப் பக்கம். பெரியவள் வேலைக்குப் போய்விட்டாள். சின்னவன் இந்த ஆண்டு கிளம்பினான். ஓய்வுக்குப் பின் எங்கே வாழ்வது என்பது டில்லித் தமிழர் ஒவ்வொருவருக்கும் வரும் கேள்வி. அவளுக்கு ஊர்ப் பாசம் அதிகம், தஞ்சாவூர்தான் என்பாள் என்று அவர் பல வருடங்களாக எண்ணி, தனக்கு அதில் விருப்பமில்லாவிட்டாலும் ஊரில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் அவள் அழுதுகொண்டே அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அவளுக்கு இப்போது மலை மந்திர் சன்னிதியும், அங்கே கூடும் தோழிகளும், டில்லித் தமிழ்ச் சங்க நூலகமும்தான் ஊர். துவாரகாவில் ஒரு சின்ன ஃபிளாட் போதும் என்று நினைக்கிறாள். அவருக்கு டில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, சென்னைக்குப் போகத்தான் ஆசை என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறாள். அவர் சென்னையை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இருவரும் அடுத்தவருக்காக விட்டுக்கொடுத்தபடி, இருவருக்குமே வேண்டாத ஓர் இடத்தில் பணத்தைப் போடப்போகிறார்கள். இங்கே அன்புக்குக் குறைவில்லை. அவர்கள் வைத்திருக்கும் தகவல் பழையது.

இதற்கு நான் சொல்லும் வழி, மேலே சொன்ன ஷைபஹென் ஆய்வின் முறையையே வீட்டில் செய்து பார்ப்பது. இருவரும் தனித்தனித் தாளில் ஐந்து கேள்விகளுக்கு எழுதுங்கள். ஓய்வுக்குப் பின் எந்த ஊர்? ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் என்ன செய்வேன்? எதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது? சாப்பாட்டில் எது சலித்துவிட்டது? எதைக் கற்றுக்கொள்ள ஆசை? உங்கள் பதிலை எழுதியதும், பக்கத்திலேயே உங்கள் துணை என்ன எழுதியிருப்பார் என்ற ஊகத்தையும் எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். தவறிய ஊகங்களில்தான் பேச்சுக்கு விஷயம் இருக்கிறது. "இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், அது விசாரணையாகிவிடும். "எப்பலேர்ந்து இப்படித் தோணுது?" என்று கேட்டால் கதை வரும்.

"தினமும் சேர்ந்து நடந்தால் நெருக்கம் தானாக வரும்"

நேரு பூங்காவில் காலையில் ஜோடி ஜோடியாக நடக்கிறார்கள். பார்க்க நிறைவாகவே இருக்கிறது. உடம்புக்கு நல்லதும்கூட. ஆனால் அதே பாதை, அதே வேகம், பேச்சு முழுவதும் பையனின் மெஸ் சாப்பாட்டைப் பற்றி என்றால், உறவுக்கு அதனால் கிடைப்பது சொற்பம்.

ஆர்தர் ஆரோன் 2000ல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று வேடிக்கையானது. தம்பதியரின் ஒரு பக்க மணிக்கட்டையும் கணுக்காலையும் பட்டியால் பிணைத்து, இருவர் உடலுக்கும் நடுவே ஒரு தலையணை உருளையைக் கை படாமல் தாங்கியபடி, மெத்தை விரித்த தரையில் தவழ்ந்து ஒரு தடையைத் தாண்டிப் போய்வரச் சொன்னார். ஏழு நிமிட வேலை. இன்னொரு குழுவுக்கு ஒரு பந்தை உருட்டும் சலிப்பான வேலை. முன்னும் பின்னும் எடுத்த மதிப்பீட்டில், புதுமையான வேலையைச் செய்த ஜோடிகளே உறவில் அதிக முன்னேற்றம் கண்டார்கள். இருவருக்கும் புதியது, கொஞ்சம் உடலையோ மூளையையோ அசைப்பது, ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாதது: இந்த மூன்றும் அதில் இருந்தன. சோதனைக்கூடத்தில் கண்ட இந்த மலர்ச்சி பல மாதம் நீடிக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

சாணக்யபுரிவாசிகளுக்கு இதற்கு அதிகச் செலவில்லாத வழிகள் உண்டு. ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் பொம்மை ரயிலில் ஏற்றிவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருப்பீர்கள். பட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலை ஒருமுறையாவது நின்று பார்த்தீர்களா? நேரு பூங்காவிலேயே ஸ்பிக்மேகே நடத்தும் திறந்தவெளிக் கச்சேரிகளில் கர்நாடக இசையைவிட உங்களுக்குப் பழக்கமில்லாத துருபதைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் ஒருவர் வாத்தியாராகிவிடுவார். இருவரும் தடுமாறுவது நல்லது. புறப்படும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: முதல் அரைமணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. பத்தாவது நிமிடத்திலேயே பேச விஷயம் தீர்ந்துபோனால் பயப்பட வேண்டாம். எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது.

"எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்"

54ல் பிள்ளை போய், 60ல் வேலை போனால், நடுவில் ஆறு வருடம். அலுவலகமும் வாடிக்கையும் மாறாமல் இருக்கும் இந்த இடைவெளியில், வீட்டில் மாறியது ஒன்றே ஒன்று. ஓய்வு வரும்போது குவார்ட்டர்ஸ், ஊர், வருமானம், பகல்பொழுது எல்லாம் ஒரே சமயத்தில் மாறும். அன்றைக்குக் காலையில் அறிமுகத்தைத் தொடங்குவது இருவருக்கும் சிரமம். எந்த ஊர் என்ற கேள்விக்காவது இப்போதே தாளை எடுங்கள். மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இருவரில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை என்று நீடித்தால் அதைப் பிள்ளை ஏக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதும் இதே சமயம்தான். தாளும் பேனாவும் பூங்கா நடையும் அதற்கு மருந்தல்ல. மருத்துவரிடம் போக வேண்டும், துணையும் கூடவே போக வேண்டும்.